அரபியில் வாலில்லாத பெண்பால்: கண் பெண், கன்னம் ஆணா?

தம்மாம்_மொழிபெயர்ப்பு | 3 பிப்ரவரி 2024, இரவு 9.12

கிளினிக்கில் மருத்துவக் குறிப்புகளை அரபியில் எழுதித் தர வேண்டிய வேலை. "வலது" என்று வரும் இடமெல்லாம் தடுக்கி விழுகிறேன். ஆண்பால் உறுப்பு என்றால் அல்ஐமன், பெண்பால் என்றால் அல்யும்னா. இடதுக்கு அல்ஐஸர், அல்யுஸ்ரா. இவ்வளவும் தெரியும். எந்த உறுப்பு எந்தப் பால் என்பதுதான் தெரியவில்லை.

கடைசியில் தா மர்பூதா என்ற வால் இருந்தால் கவலையே இல்லை. முழங்காலுக்கு ருக்பா, சிறுநீரகத்துக்கு குல்யா, நுரையீரலுக்கு ரிஆ என்று எழுதும்போதே பெண்பால் என்று தெரிந்துவிடும். வாலில்லாத சொற்களுக்கு ஒரு விதி படித்திருந்தேன்: உடம்பில் இரண்டிரண்டாக இருப்பது பெண்பால், ஒன்றாக இருப்பது ஆண்பால். கண்ணுக்கு ஐன், காதுக்கு உதுன், கைக்கு யத், காலுக்கு ரிஜ்ல் என்று எல்லாம் பெண்பாலாகச் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நேற்று வலது கன்னத்துக்கு "அல்கத் அல்யும்னா" என்று எழுதினேன். எகிப்திய நர்ஸ் சிரித்துவிட்டு "அல்ஐமன்" என்று அடித்துத் திருத்திவிட்டார். கன்னம் இரண்டுதானே? விதி தப்பா, நர்ஸ் தப்பா?

பாதிக்கிணறு | 3 பிப்ரவரி 2024, இரவு 9.40

விதி சரி. ஜோடி உறுப்பு எல்லாமே பெண்பால்தான். எல்லா இலக்கணப் புத்தகத்திலும் இருக்கிறது. நர்ஸ் பேச்சு வழக்கில் சொல்லியிருப்பார், எகிப்தியர்களுக்கு இலக்கணம் கிடையாது.

நஹ்வு_கிறுக்கன் | 3 பிப்ரவரி 2024, இரவு 11.05

நர்ஸ் சரி. கத் ஆண்பால், அல்கத் அல்ஐமன்தான்.

"ஜோடி என்றால் பெண்" என்பது பெரும்பாலும் பொருந்துகிற ஒரு கவனிப்பு, அவ்வளவுதான். இப்படிச் சொற்களை முஅன்னஸ் ஸமாஈ என்று பிரித்து வைத்ததே, காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்பதற்காக. கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடிந்தால் அந்தப் பெயரே வந்திருக்காது.

மீறுகிற ஜோடிகள் ஒன்றிரண்டு அல்ல. கன்னம் கத், புருவம் ஹாஜிப், இமை ஜஃப்ன், முழங்கை மிர்ஃபக், மணிக்கட்டு மிஃஸம், கணுக்கால் காஹில். ஆறும் ஜோடி, ஆறும் ஆண்பால். உங்கள் தாளில் தினமும் வரக்கூடியவை. இவற்றை மட்டும் தனியாக எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் உண்டு. ஒற்றையாக இருந்தால் ஆண்பால் என்று தலை ரஃஸ், மூக்கு அன்ஃப், வாய் ஃபம், இதயம் கல்ப் எல்லாம் ஒழுங்காக வரும். கல்லீரல் கபித் வந்து கெடுக்கும். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பழைய அகராதிகள் அதைப் பெண்பால் பக்கம் வைக்கின்றன. பல் ஸின் பெண்பால், விரல் இஸ்பஃ பெரும்பாலும் பெண்பால். இவை ஜோடியும் இல்லை, ஒற்றையும் இல்லை.

பாதிக்கிணறு | 4 பிப்ரவரி 2024, காலை 7.20

சரி, கன்னத்தை விட்டுவிடுகிறேன். முழங்கை எப்படி ஆண்பால் ஆகும்? அது கையின் பாகம்தானே. கை பெண் என்றால் அதன் பாகமும் பெண்தானே.

நஹ்வு_கிறுக்கன் | 4 பிப்ரவரி 2024, காலை 8.02

அப்படிப் பார்த்தால் கண்ணின் இமையும் பெண்பாலாக இருக்க வேண்டும். இல்லை. பால் பொருளுக்குப் போவதில்லை, சொல்லுக்குப் போகிறது.

தோளை எடுத்துக்கொள்ளுங்கள். கதிஃப் என்றால் தோள், பெண்பால். மன்கிப் என்றாலும் தோள்தான், ஆண்பால். அதே மனிதனின் அதே தோள், சொல்லை மாற்றினால் பால் மாறிவிடுகிறது.

நமக்கு இது ஏன் உறைக்கிறது என்றால், தமிழில் பால் பொருளைப் பார்த்து வருகிறது. அவன், அவள் என்பது ஆளைப் பார்த்து. கை, கண், வீடு எல்லாம் அஃறிணை, "அது" என்று முடிந்துவிடும். அதனால் அரபிச் சொல்லின் பாலுக்கும் பொருளில் ஒரு காரணம் தேடுகிறோம்.

ஞாயிறு_வணக்கம் | 4 பிப்ரவரி 2024, காலை 10.31

சூரியன் நமக்கு ஆண் தெய்வம். அரபிகள் ஏன் பெண்ணாக வணங்கினார்கள்? இதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

நஹ்வு_கிறுக்கன் | 4 பிப்ரவரி 2024, காலை 10.50

கேள்வி வணக்கத்தைப் பற்றியதே இல்லை ஐயா, இலக்கணத்தைப் பற்றியது. ஆனாலும் தொட்டுவிட்டீர்கள். தென் அரேபியாவில் ஷம்ஸ் பெண் தெய்வம்தான். பழைய சிரியாவின் உகாரித்தில் ஷபஷும் பெண். பாபிலோனியாவில் ஷமாஷ் ஆண். மூன்றும் ஒரே மூலச்சொல்லிலிருந்து வந்த பெயர்கள். அதனால் "இந்த மக்கள் சூரியனைப் பெண்ணாகப் பார்த்தார்கள், சொல்லும் பெண்ணானது" என்ற கதை நேராகப் போகாது. சொல்லின் பாலைப் பார்த்துத் தெய்வத்துக்குப் பால் கொடுத்திருக்கவும் வாய்ப்புண்டு.

ஹிஃப்ழ்_மாணவி | 4 பிப்ரவரி 2024, மாலை 4.15

உஸ்தாத், ஷம்ஸ் பெண்பால் என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கியாமா சூராவில் 75:9இல் "வஜுமிஅஷ் ஷம்ஸு வல்கமர்" என்று வருகிறது. ஜுமிஅ ஆண்பால் வினை. பெண்பால் என்றால் ஜுமிஅத் என்றல்லவா வர வேண்டும்? அப்படியானால் ஷம்ஸ் இருபாலுமா?

பாதிக்கிணறு | 4 பிப்ரவரி 2024, மாலை 4.40

ஆமாம், ஷம்ஸ் இருபால். இதுதான் ஆதாரம். நன்றாகப் பிடித்தீர்கள் லாத்தா.

நஹ்வு_கிறுக்கன் | 4 பிப்ரவரி 2024, இரவு 8.33

பிடித்தது நல்ல இடம், எடுத்த முடிவு தப்பு.

வினை முன்னால் வந்து எழுவாய் பின்னால் வந்தால், அந்த எழுவாய் உயிருள்ள பெண்ணாக இல்லாதவரை வினையை இரண்டு விதமாகவும் வைக்கலாம். "தலஅத் அஷ்ஷம்ஸு" என்றும் சொல்லலாம், "தலஅ அஷ்ஷம்ஸு" என்றும் சொல்லலாம். சூரியன் உதித்தது என்பதுதான் இரண்டுக்கும் பொருள். எழுவாய் முன்னால் போய்விட்டால் தேர்வு கிடையாது: "அஷ்ஷம்ஸு தலஅத்" மட்டும்தான். 75:9இல் வினை முன்னால் இருக்கிறது, கூடவே சந்திரன் என்ற ஆண்பால் கமரும் சேர்ந்திருக்கிறது. ஆகவே ஜுமிஅ என்று வந்ததால் ஷம்ஸின் பால் பற்றி எதுவும் தெரியவராது.

அதே சூராவில் 20 ஆயத்துகள் தள்ளிப் போங்கள், 75:29. "வல்தஃப்பதிஸ் ஸாகு பிஸ்ஸாக்". அங்கேயும் வினை முன்னால்தான், ஆனால் பெண்பால் தா இருக்கிறது. ஸாக் என்றால் கணைக்கால், வாலில்லாத பெண்பால். இரண்டு வழியும் ஒரே சூராவில்.

ஆக, வினை முன்னால் வந்து ஆண்பாலாக இருந்தால் அது சாட்சி இல்லை. பெண்பாலாக இருந்தால் ஒருமைச் சொல்லுக்குச் சாட்சி. "தப்பத் யதா அபீ லஹப்" ஓதாத பிள்ளை கிடையாது. அந்தத் தப்பத்தில் இருக்கும் தா எதற்கு? யத் பெண்பால் என்பதால். இருமையில் யதா என்று வந்தும் பால் மாறவில்லை.

ஹிஃப்ழ்_மாணவி | 4 பிப்ரவரி 2024, இரவு 9.10

அப்படியானால் 6:78? இப்ராஹீம் நபி சூரியனைப் பார்த்து "ஹாதா ரப்பீ", இது என் இறைவன், என்கிறார். அங்கே ஹாதா ஆண்பால், வினையும் இல்லை. ஹாதிஹி என்று வரவில்லையே.

நஹ்வு_கிறுக்கன் | 5 பிப்ரவரி 2024, காலை 6.45

இது உண்மையிலேயே நல்ல கேள்வி. முந்தைய ஆயத்தோடு சேர்த்து வாசியுங்கள்.

6:77இல் சந்திரன்: கமர் "பாஸிகன்" என்று உதிக்கிறது, "அஃபல" என்று மறைகிறது. இரண்டும் ஆண்பால். 6:78இல் சூரியன்: ஷம்ஸ் "பாஸிகதன்" என்று உதிக்கிறது, "அஃபலத்" என்று மறைகிறது. இரண்டும் பெண்பால். ஒரே அமைப்பு, ஒரே சொற்கள், பால் மட்டும் மாறுகிறது. ஷம்ஸ் பெண்பால், கமர் ஆண்பால் என்பதற்கு இதைவிடத் துப்புரவான இடம் இல்லை. ஒருவருக்கு விளக்க வேண்டுமென்றால் நான் இந்த இரண்டு ஆயத்தைத்தான் அடுத்தடுத்து வைப்பேன்.

நடுவில் நிற்கும் "ஹாதா ரப்பீ"க்கு வழக்கமான விளக்கம்: சுட்டுச்சொல், பின்னால் வரும் பயனிலையைப் பார்த்துப் பால் எடுத்திருக்கிறது. ரப் ஆண்பால், ஆகவே ஹாதா. "நான் பார்க்கும் இந்தப் பொருள்" என்று பொருள் கொண்டு ஆண்பாலானது என்றும் சொல்வார்கள். எனக்கு முதலாவது போதும்.

தம்மாம்_மொழிபெயர்ப்பு | 5 பிப்ரவரி 2024, மதியம் 1.30

பாய்மார்களே, நான் கேட்டது கன்னம். சூரியன் வரைக்கும் போய்விட்டீர்கள். போகட்டும், எனக்கு உதவுகிற மாதிரி ஒன்று கேட்கிறேன். தெரியாத உறுப்பு வந்தால் எதை வைத்துச் சோதிப்பது? இணையத்தில் பெயர்ச்சொல்லைத் தேடி, பக்கத்தில் ஹாதிஹி வருகிறதா என்று பார்க்கிறேன். "ஹாதிஹி அர்ருஊஸ்" என்று வந்தது. அப்படியானால் ரஃஸ், தலை, பெண்பாலா?

நஹ்வு_கிறுக்கன் | 5 பிப்ரவரி 2024, மதியம் 2.18

அந்தச் சோதனை உங்களைக் குழியில் தள்ளும். ருஊஸ் பன்மை. மனிதரைக் குறிக்காத பன்மை எதுவாக இருந்தாலும் ஒருமைப் பெண்பால் போலத்தான் நடத்தப்படும். புத்தகங்கள் குதுப், அதற்கும் ஹாதிஹிதான். கிதாப் என்ற ஒருமையோ ஆண்பால். பன்மையில் ஆண், பெண் இரண்டும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்.

ஒருமையைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் வரும் அடைமொழியைப் பாருங்கள். உங்கள் வேலையில் சிறந்த சாட்சி நீங்களே தேடும் அந்த "வலது"தான். ஒரு சொல்லுக்குப் பின்னால் அல்யும்னா பழக்கத்தில் இருக்கிறதா, அல்ஐமன் இருக்கிறதா என்று பத்து இடம் பார்த்தால் போதும்.

பன்மையே கையில் இருந்தால், எண்ணிப் பாருங்கள். 3 முதல் 10 வரை எண்ணுப்பெயர் தலைகீழாக நிற்கும். ஒருமை பெண்பால் என்றால் எண்ணில் வால் இருக்காது, ஆண்பால் என்றால் எண்ணில் வால் இருக்கும். மூன்று கண்கள் "தலாது அஃயுன்", மூன்று தலைகள் "தலாததுருஊஸ்". ஐந்து விரல்கள் "கம்ஸு அஸாபிஃ", வால் இல்லை, ஆகவே இஸ்பஃ பெண்பால். எண் ஒருமையைத்தான் பார்க்கிறது, பன்மையின் வேஷம் அதனிடம் செல்லாது.

மனப்பாடமாக ஒன்று வேண்டுமென்றால் 69:7. "ஸப்அ லயாலின் வ தமானியத அய்யாம்". ஏழு இரவுகள், எட்டுப் பகல்கள். இரவின் ஒருமை லைலா, பெண்பால், ஏழில் வால் இல்லை. நாள் யவ்ம் ஆண்பால், எட்டில் வால் இருக்கிறது.

நஹ்வு_கிறுக்கன் | 5 பிப்ரவரி 2024, மதியம் 2.26

மேலே தட்டும்போது இரண்டு சொல் ஒட்டிக்கொண்டது. "தலாதது ருஊஸ்" என்று பிரித்து வாசியுங்கள்.

ஷார்ஜா_வண்டி | 5 பிப்ரவரி 2024, இரவு 11.50

இலக்கணம் எல்லாம் நமக்குத் தெரியாது. வண்டியில் ஏறும் ஆட்கள் பேசுவதைக் கேட்டுக் கற்றதுதான். தலை வலிக்கிறது என்றால் "ராஸீ யஅவ்வர்னீ", கண் வலிக்கிறது என்றால் "ஐனீ தஅவ்வர்னீ". ய ஆண், த பெண். வயிற்றுக்கு ஒருத்தர் ய சொல்கிறார், இன்னொருத்தர் த சொல்கிறார். எது சரி?

இன்னொன்று. ஊர் எல்லாம் பெண் என்கிறார்கள். அபூதபி? அபூ என்றால் அப்பா இல்லையா?

நஹ்வு_கிறுக்கன் | 6 பிப்ரவரி 2024, காலை 7.05

அண்ணே, உங்கள் காதுதான் ஸமாஈ. நீங்கள் பிடித்திருக்கும் ய, த சோதனை நான் மேலே எழுதியதைவிடச் சுலபம்.

வயிறு பத்ன் எழுத்து அரபியில் ஆண்பால். பேச்சில் ஊருக்கு ஊர் மாறும். எகிப்தில் வயிறும் பெண், தலையும் பெண். வளைகுடாவில் தலை ஆண், வயிறு இரண்டு விதமாகவும் கேட்கும். வண்டியில் எப்படிச் சொன்னாலும் யாரும் திருத்த மாட்டார்கள். மருத்துவத் தாளில் எழுதினால் ஆண்பால்.

அபூதபி பெண்பால்தான். உள்ளே அப்பா இருந்தாலும் ஊர்ப்பெயராக நிற்கும்போது "மதீனா", அதாவது நகரம், என்ற சொல் பின்னால் மறைந்து நிற்பதாகக் கொள்கிறார்கள். அது பெண்பால், ஆகவே ஊரும் பெண்பால். ரியாத் அதைவிட வேடிக்கை. தோட்டங்கள் என்ற பன்மைச் சொல் அது. ஊராகிவிட்டதும் ஒருமைப் பெண்.

அரபிச் செய்தித்தாளின் தலைப்பை வாசியுங்கள். ரியாத், லண்டன், டெஹ்ரான் எதுவானாலும் பின்னால் வரும் வினை த என்றுதான் தொடங்கும். கொழும்பு செய்தியில் வந்தாலும் அப்படித்தான்.

பாதிக்கிணறு | 6 பிப்ரவரி 2024, காலை 7.48

இது எனக்குத் தெரியும். ஊர், நாடு எல்லாம் பெண்பால். எகிப்து மிஸ்ர் பெண், இந்தியா ஹிந்த் பெண், சீனா ஸீன் பெண்.

நஹ்வு_கிறுக்கன் | 6 பிப்ரவரி 2024, காலை 8.10

ஊர் சரி. நாட்டில் மறுபடியும் பாதிதான் தாண்டியிருக்கிறீர்கள். இராக், லெபனான், மொராக்கோ என்ற மக்ரிப், சூடான், ஜோர்தான் என்ற உர்துன், யெமன் இவை ஆண்பாலாகத்தான் நடக்கும். அதே செய்தித்தாளில் "லுப்னான்" என்று தொடங்கும் தலைப்பில் வினை ய என்று வரும், "மிஸ்ர்" என்று தொடங்கினால் த.

இடப்பெயரில் இன்னொரு சாட்சியும் உண்டு, தன்வீன், அதாவது சொல்லின் கடைசியில் ஒட்டும் ன் ஒலி. பெண்பாலாகக் கொண்ட இடப்பெயர் பெரும்பாலும் தன்வீன் ஏற்காது. பத்ரும் ஹுனைனும் குர்ஆனில் தன்வீனோடு வருகின்றன: 3:123இல் "பிபத்ரின்", 9:25இல் "யவ்ம ஹுனைனின்". அந்த இடங்களை ஆண்பாலாக, ஒரு "இடம்" என்று எடுத்திருக்கிறார்கள். 48:24இல் மக்காவுக்குத் தன்வீன் இல்லை, "பிபத்னி மக்கத".

ஹிஃப்ழ்_மாணவி | 6 பிப்ரவரி 2024, மாலை 5.02

27:22இல் "மின் ஸபஇன்" என்று தன்வீனோடு ஓதுகிறோம். ஆனால் அபூ அம்ர் ஓதலில் "ஸபஅ" என்று தன்வீன் இல்லாமல் வரும் என்று எங்கள் உஸ்தாத் சொன்னார். அதுவும் இதனால்தானா?

நஹ்வு_கிறுக்கன் | 6 பிப்ரவரி 2024, இரவு 9.25

அதனால்தான். ஹஃப்ஸ் ஓதலில் ஸபஃ ஒரு ஆளின் பெயராக அல்லது ஒரு குலமாக ஆண்பாலில் நிற்கிறது. அபூ அம்ரும் பஸ்ஸீயும் ஓதும் முறையில் அதை ஊராகவோ கோத்திரமாகவோ பெண்பாலில் எடுத்திருக்கிறார்கள். எழுத்து ஒன்று, பால் இரண்டு, ஓதல் இரண்டு.

மிஸ்ரையும் பாருங்கள். 12:99இல் "உத்குலூ மிஸ்ர", தன்வீன் இல்லை, எகிப்து நாடு. 2:61இல் "இஹ்பிதூ மிஸ்ரன்", தன்வீன் உண்டு. "ஏதாவது ஒரு நகரத்துக்கு இறங்குங்கள்" என்று பலர் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். எகிப்தேதான் என்று சொல்பவர்களும் உண்டு. நடு எழுத்து ஸுகூனான, அதாவது உயிரொலி இல்லாத, மூன்றெழுத்துப் பெண்பாற்பெயருக்குத் தன்வீன் வரலாம் என்ற சலுகை அவர்களுக்குக் கைகொடுக்கிறது. எது என்று முடிவு கட்ட நான் துணிய மாட்டேன்.

கடைசி_வரிசை | 7 பிப்ரவரி 2024, காலை 11.11

மதரஸாவில் எங்களுக்குச் சொன்ன வேறொரு சோதனை. தஸ்கீர், அதாவது சிறுமைப் பெயர். வாலில்லாத மூன்றெழுத்துப் பெண்பாலைச் சிறுமையாக்கினால் ஒளிந்திருந்த வால் வெளியே வந்துவிடும். ஷம்ஸ் ஷுமைஸா ஆகும், வீடு என்ற தார் துவைரா ஆகும், உதுன் உதைனா ஆகும், ஐன் உயைனா ஆகும். சிரியாவின் பல்மைராவை ஆண்ட ஒடேனதஸின் அரபிப் பெயர் உதைனா, சின்னக் காது. ரியாத்துக்கு வடமேற்கே இருக்கும் உயைனா என்ற ஊரும் இந்த அச்சில் வந்ததுதான்.

நஹ்வு_கிறுக்கன் | 7 பிப்ரவரி 2024, மதியம் 12.40

அழகான சோதனை. இரண்டு எச்சரிக்கை மட்டும். ஹர்ப், போர், பெண்பால்தான். 47:4இல் "ததஅல் ஹர்பு அவ்ஸாரஹா" என்று வினையும் பெண்பால், போரைச் சுட்டும் கடைசி ஹாவும் பெண்பால். ஆனால் சிறுமையாக்கினால் ஹுரைப், வால் வராது. வில் கவ்ஸும் அப்படித்தான், குவைஸ். நான்கெழுத்துச் சொல்லுக்குச் சோதனை வேலையே செய்யாது. தேள் அக்ரப் உகைரிப் ஆகும், பெண்பாலாக இருந்தும் வால் இல்லை.

ஆக வால் வெளியே வந்தால் பெண்பால் உறுதி. வராவிட்டால் எதுவும் உறுதியில்லை. மேலே வினைக்குச் சொன்ன அதே கதை.

ஹிஃப்ழ்_மாணவி | 7 பிப்ரவரி 2024, மாலை 4.50

கடைசியாக ஒன்று, மன்னிக்கவும். காற்று ரீஹ் பெண்பால் என்றால் 10:22இல் ஒரே ஆயத்தில் "ரீஹின் தய்யிபா" என்றும் "ரீஹுன் ஆஸிஃப்" என்றும் வருகிறதே. முதல் அடைமொழிக்கு வால் இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை.

நஹ்வு_கிறுக்கன் | 7 பிப்ரவரி 2024, இரவு 10.15

மன்னிப்பு எதற்கு, இதற்காகத்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

ரீஹ் பெண்பால் என்பதில் சந்தேகம் வேண்டாம். அந்த ஆயத்திலேயே "ஜாஅத்ஹா ரீஹுன்" என்று வினை பெண்பாலில் இருக்கிறது. அப்படியானால் ஆஸிஃபில் வால் ஏன் இல்லை? சூறையடித்தல் காற்றுக்கே உரிய வேலை, ஆணோடு குழம்ப வழியில்லாத அடைமொழிக்கு வால் தேவையில்லை என்பது ஒரு பதில். மாதவிலக்கான பெண்ணை ஹாஇள் என்று வாலில்லாமல் சொல்வதை இதற்குத் துணையாகக் காட்டுவார்கள்.

ஆனால் 21:81இல் ஸுலைமான் நபிக்கு வசப்படுத்திய காற்று "ஆஸிஃபதன்" என்று வாலோடு வருகிறது. அதே காற்று, அதே அடைமொழி. தேவையில்லை என்றால் அங்கே ஏன் வந்தது? "வரலாம், வராமலும் இருக்கலாம்" என்பதற்கு மேல் எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை.

பாதிக்கிணறு | 8 பிப்ரவரி 2024, காலை 9.00

ஜோடி உறுப்பு ஏன் பெண்பால் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு சேர்ந்தால் கூட்டம், கூட்டம் என்றால் பன்மை, பன்மை பெண்பால் போல நடக்கும் என்று மேலே சொன்னீர்கள். அதனால்தானே?

நஹ்வு_கிறுக்கன் | 8 பிப்ரவரி 2024, காலை 9.45

உங்கள் ஊகத்தில் சுவை இருக்கிறது, ஆனால் கன்னமும் புருவமும் ஏன் தப்பித்தன என்று அது சொல்லாது. ஹீப்ருவிலும் யாத், அயின், ஓஸென், ரெகெல் நான்கும் வாலில்லாத பெண்பால்தான். கை, கண், காது, கால். ஆக இது அரபி பிறப்பதற்கு முன்பே இருந்த பழக்கம். ஏன் தொடங்கியது என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு, ஒன்றும் நிலைக்கவில்லை.

தம்மாம்_மொழிபெயர்ப்பு | 8 பிப்ரவரி 2024, இரவு 9.30

இன்று வந்த தாள் ஒன்றை இங்கே எழுதியதை வைத்துச் செய்தேன். தப்பிருந்தால் அடியுங்கள்.

இடது காது சிவந்து வீங்கியிருக்கிறது: "அல்உதுன் அல்யுஸ்ரா ஹம்ரா வ முதவர்ரிமா". இடது கன்னமும் அப்படியே: "அல்கத் அல்ஐஸர் அஹ்மர் வ முதவர்ரிம்". இரண்டு கண்ணிலும் எரிச்சல் என்பதற்கு "ஃபீ கில்தல் ஐனைன்" என்று எழுதினேன். கன்னத்துக்கு இரண்டிலும் என்று வந்தால் கிலா, சரியா?

தோளில் மறுபடி மாட்டிக்கொண்டேன். கதிஃப் பெண்பால் என்று நீங்கள் சொன்னபடி "அல்கதிஃப் அல்யும்னா" என்று எழுதினால், டாக்டர் எழுதி வைத்திருக்கும் பழைய தாள்கள் எல்லாவற்றிலும் "அல்கதிஃப் அல்ஐமன்" என்றிருக்கிறது.

நஹ்வு_கிறுக்கன் | 8 பிப்ரவரி 2024, இரவு 10.20

கில்தா, கிலா சரி: கில்தல் ஐனைன், கிலல் கத்தைன். காதும் கன்னமும் சரி. பாருங்கள், ஒரே வாக்கியத்தில் வலது இடது மட்டுமல்ல, நிறமும் வீக்கமும் சேர்ந்தே மாறுகின்றன. ஓரிடத்தில் பால் தப்பினால் மூன்று இடம் தப்பும். இரண்டு இடம் சரியாகவும் ஒன்று தப்பாகவும் இருந்தால்தான் வாசிப்பவருக்குக் குழப்பம்.

தோள் விஷயத்தில் அகராதி பெண்பால் என்கிறது. இன்றைய மருத்துவத் தாள்களில் ஆண்பால் பரவலாக ஓடுகிறது. கபிதும் அப்படித்தான், கொழுப்புக் கல்லீரலை "அல்கபித் அத்துஹ்னீ" என்று ஆண்பாலில்தான் எழுதுகிறார்கள். நான் என்றால் யும்னா எழுதுவேன். உங்கள் டாக்டர் ஐமன் என்றால் அந்தக் கோப்பு முழுக்க ஐமன் என்றே விடுங்கள், ஒரே நோயாளியின் தாளில் இரண்டும் கலக்க வேண்டாம்.

கடைசி_வரிசை | 8 பிப்ரவரி 2024, இரவு 10.41

குறுக்கு வழி ஒன்று சொல்லட்டுமா? பக்கம் என்பதற்கு ஜிஹா என்று ஒரு சொல் இருக்கிறது, வாலுள்ள பெண்பால். உறுப்பின் பெயரை எழுதி, கமா போட்டு, "அல்ஜிஹா அல்யும்னா" என்று போட்டுவிடுங்கள். உறுப்பு ஆணோ பெண்ணோ, யும்னா மாறாது.

நஹ்வு_கிறுக்கன் | 8 பிப்ரவரி 2024, இரவு 10.55

திருட்டுத்தனம். ஆனால் இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாது.

தம்மாம்_மொழிபெயர்ப்பு | 10 பிப்ரவரி 2024, மதியம் 3.05

ஜிஹா போட்டுப் பார்த்தேன். "அல்கதிஃப், அல்ஜிஹா அல்யும்னா". நர்ஸ் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்: வலது தோளா, இல்லை ஏதோ ஒரு தோளின் வலது பக்கமா? மறுபடி யும்னாவுக்கே போய்விட்டேன்.